முதலில் ஓடு, பிறகு மரம்

ஓட்டுக்கூரை போட நினைக்கும் பலர் மரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆசாரி சுவரை அளந்து, கைமரத்துக்கும் ரீப்பருக்கும் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். மரம் வந்து, அறுத்து, ஏற்றி, ஆணி அடித்த பிறகுதான் ஓட்டு வண்டி வாசலில் நிற்கிறது. ஓடுகளை அடுக்கத் தொடங்கினால் மேல் வரிசை முகட்டுக்கு ஒரு சாண் எட்டாமல் நிற்கும். இல்லையென்றால் அந்த வரிசை முழுவதையும் வெட்ட வேண்டி வரும். ரீப்பர்களைக் கொஞ்சம் தள்ளி அடித்துச் சரிக்கட்டினால், அடுத்த மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் ஒழுகும்.

நாட்டு ஓட்டில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஒன்றன் மேல் ஒன்று எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ஓடு வேய்கிறவரே தீர்மானிக்கலாம். சீமை ஓடு என்று நாம் அழைக்கும் மங்களூர் ஓடு அப்படிப்பட்டதல்ல. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த வகை ஓட்டுக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் காப்புரிமை பெற்றார்கள். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்க, அது தென்னிந்தியக் கூரைகளுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஓட்டின் மேல்முனையிலும் பக்கங்களிலும் பள்ளமும் வரப்பும் உண்டு. மேல் ஓட்டின் வால் கீழ் ஓட்டின் வரப்பைத் தாண்டி உட்கார்ந்தால்தான் பூட்டு விழும். ஆகவே எவ்வளவு ஏற வேண்டும் என்பது அச்சிலேயே முடிவாகிவிட்டது. அதை மாற்ற நமக்கு இருப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே.

தரையில் பரப்பி அளப்பது

இந்தியத் தர நிர்ணயத்தின்படி மங்களூர் ஓட்டின் அளவுகளில் ஒன்று 41 செ.மீ. நீளம், 23.5 செ.மீ. அகலம். ஆனால் கூரையில் ஓர் ஓடு மூடுவது ஏறக்குறைய 32 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும்தான். மீதி அடுத்த ஓட்டின் அடியில் மறைந்துவிடுகிறது. இந்த 32 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலைக்கு ஆலை அச்சு வேறுபடும். சூளையில் சுடும்போது மண் சுருங்கும் அளவும் மாறும்.

வாங்கப்போகும் ஓடுகளில் பதினொன்றைச் சமதளமான தரையில் நீளவாக்கில் பூட்டி அடுக்குங்கள். எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டின் வாலிலிருந்து கடைசி ஓட்டின் வால் வரை அளந்து குறியுங்கள். பூட்டு விடாதபடி அவற்றை அதிகபட்சமாக இழுத்து மீண்டும் அளங்கள். பதினோரு ஓட்டுக்கு நடுவே பத்து இடைவெளி. நெருக்கியபோது 314, இழுத்தபோது 322 செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 318, அதைப் பத்தால் வகுத்தால் 31.8 செ.மீ. இதுவே அந்த ஓட்டுக்கான ரீப்பர் இடைவெளி. 31.4க்குக் கீழேயும் 32.2க்கு மேலேயும் அது போகக் கூடாது. அகலத்தையும் இப்படியே அளந்துகொள்ளலாம்.

இன்னும் ஓர் அளவு தேவை. ஓட்டின் அடிப்பக்கத்தில், மேல்முனையை ஒட்டி இருக்கும் புடைப்புகள்தான் ரீப்பரின் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்குகின்றன. அந்தப் புடைப்பிலிருந்து வால் வரை உள்ள நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கணக்குக்கு அதை 38 செ.மீ. என்று வைப்போம்.

சரிவின் நீளம்

வெளிச்சுவர் அளவில் 7 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள வீடு. இரு பக்கமும் சரியும் கூரை. இறவாணம் சுவரைத் தாண்டி 50 செ.மீ. நீள வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்புகிறார். முகட்டின் நடுவிலிருந்து இறவாணம் வரை தரைமட்டத்தில் அளந்தால் அரை அகலம் 2.5 மீட்டர், அதோடு 0.5 மீட்டர், ஆக 3 மீட்டர். ஓர் அடிக்கு 7 அங்குலம் ஏற்றம் என்று சாய்வு வைத்தால், 3 மீட்டருக்கு 1.75 மீட்டர் உயரும். இது 30 டிகிரியை ஒட்டிய சாய்வு. மங்களூர் ஓட்டுக்குப் பொருத்தமானது. சாய்வு இதைவிட மிகவும் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வடியும். எதிர்க்காற்று அதைப் பூட்டுக்குள் தள்ளும்.

சரிவின் நீளம் பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான். 3ஐயும் 1.75ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 12.06, அதன் வர்க்கமூலம் 3.47. ஆக, சரிவு 347 செ.மீ.

இனி மேலும் கீழும் உள்ள இரண்டு ரீப்பர்களின் இடத்தை முடிவு செய்வோம். மழைநீர் மரத்தில் படாமல் சொட்ட, கீழ் வரிசை ஓட்டின் வால் கைமரத்தின் முனையைத் தாண்டி 5 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 38இல் 5 போனால் 33. முதல் ரீப்பரின் மேல் விளிம்பு கைமர முனையிலிருந்து 33 செ.மீ. தொலைவில் வரும். மேலே கடைசி ரீப்பரின் மேல் விளிம்பு முகட்டிலிருந்து 5 செ.மீ. கீழே இருக்கட்டும். நடுவில் மிஞ்சுவது 347 – 33 – 5 = 309 செ.மீ.

இதை 31.8ஆல் வகுத்தால் 9.7 வருகிறது. தவறு நடப்பது இங்கேதான். ஒன்பது இடைவெளியாக நீட்டினால் ஒவ்வொன்றும் 34.3 செ.மீ. ஆகி, பூட்டு எந்த வரிசையிலும் விழாது. பத்தாகச் சுருக்கினால் 30.9 ஆகி, மேல் ஓட்டின் வால் கீழ் ஓட்டின் வரப்பின் மேல் ஏறித் தூக்கி நிற்கும். அப்படித் தூக்கி நிற்கும் ஓட்டில் ஆள் கால் வைத்தால் உடையும்.

மாற வேண்டியது ஓட்டின் இடைவெளி அல்ல, கைமரத்தின் நீளம். பத்து இடைவெளிக்கு 318 செ.மீ. வேண்டும். அதோடு 33ஐயும் 5ஐயும் கூட்டினால் 356. கைமரம் 9 செ.மீ. நீண்டால் போதும். சுவரிலிருந்து இறவாணம் 50க்குப் பதிலாக 58 செ.மீ. நீளும், அதன் விளிம்பு நாலரை செ.மீ. தாழும். மரம் அறுக்கும் முன் இதைச் செய்வது மிக எளிது. அறுத்த பிறகு வழியே இல்லை.

எண்ணிக்கை

பத்து இடைவெளி என்றால் பதினோரு ரீப்பர், பதினோரு வரிசை ஓடு. இடைவெளியைவிட ஒன்று கூடுதல் என்பதை மறக்கக் கூடாது.

நீளவாக்கில், வீட்டின் இரு முனையிலும் கூரை 30 செ.மீ. நீண்டால் மொத்தம் 760 செ.மீ. ஓர் ஓடு 21 செ.மீ. மூடும், கடைசி ஓட்டில் மட்டும் மறையாத 2.5 செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். 36 ஓடுகள் 758.5 செ.மீ. வரை போகும். ஆகவே இங்கேயும் கூரையை ஒன்றரை செ.மீ. குறைத்துவிட்டால் ஓர் ஓட்டையும் வெட்ட வேண்டாம். ஒரு சரிவுக்கு 36 × 11 = 396; இரண்டுக்கும் 792. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 840 ஓடு வாங்கலாம். முகட்டு ஓடு ஒன்று 35 செ.மீ. மூடுமானால் 22 வேண்டும்; இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுர மீட்டருக்கு 15 ஓடு என்ற கணக்கு தவறல்ல. ஆனால் அதைத் தரைப் பரப்பின் மீது போடக் கூடாது. இந்தக் கூரை தரையில் அடைக்கும் பரப்பு, முதலில் நினைத்தபடி 6 மீட்டருக்கு 7.6 மீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் 684 ஓடுதான் வரும். நூற்றுக்கு மேல் குறையும். நான்கு பக்கமும் சரியும் கூரைக்கும், சாய்வும் அடிப்பரப்பும் ஒன்றாக இருந்தால், மொத்தச் சரிவுப் பரப்பு இதே அளவுதான். ஆனால் மூலைகளில் ஓடுகளைச் சாய்வாக வெட்ட வேண்டியிருப்பதால் சேதாரத்துக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டும்.

கைமரமும் ரீப்பரும்

2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர் தொய்யாமல் இருக்க, கைமரங்களை ஒன்றரை அடி முதல் இரண்டடிக்குள் வைப்பது வழக்கம். 50 செ.மீ. இடைவெளி வைத்தால் ஒரு சரிவில் 15 இடைவெளி, 16 கைமரம். இரு சரிவுக்கும் 32. கைமரம் 10 செ.மீ. உயரமுள்ளதாக இருந்து, இரு முனையையும் செங்குத்தாக அறுத்தால், சாய்வுக்காக 6 செ.மீ. கூடுதலாகி 362 செ.மீ. தேவைப்படும். பன்னிரண்டு அடி மரம் 366 செ.மீ. அதற்குள் அடங்கிவிடுகிறது.

ரீப்பர் இரு சரிவுக்கும் 22 வரிசை. இறவாண விளிம்பில் பக்கத்துக்கு ஒரு வரிசை பலகை வேண்டும். கீழ் வரிசை ஓட்டுக்கு அடியில் தாங்க வேறு ஓடு இல்லாததால், இந்தப் பலகை ரீப்பரைவிட ஓர் ஓட்டின் கனம் உயர்ந்து நின்று அதன் வாலைத் தாங்கும். ரீப்பர் மட்டும் 22 × 7.6, அதாவது 167 மீட்டர், ஏறக்குறைய 550 அடி. இணைப்புகள் கைமரத்தின் மேல்தான் வர வேண்டும் என்பதால் துண்டுகள் வீணாகும். 590 அடி வாங்குங்கள்.

இவை எண்ணிக்கை மட்டுமே. ஓர் ஓடு 2 முதல் 3 கிலோ எடை இருக்கும். 792 ஓடும் சேர்ந்தால் சுமார் 2 டன். மழையில் நல்ல ஓடுகூட தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கலாம். கைமரத்தின் கனமும், முகட்டு விட்டத்தின் கனமும், சுவர் வெளியே தள்ளப்படாமல் இழுத்துக் கட்டுவதும் அனுபவமுள்ள ஆசாரியோ பொறியாளரோ பார்த்துச் சொல்ல வேண்டியவை.

ஆணி அடிக்கும்போது

ரீப்பர் அடிக்கும் முன் ஒவ்வொரு சரிவின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளங்கள். நம் வீட்டில் இரண்டுமே 838 செ.மீ. இருக்க வேண்டும். வேறுபட்டால் சட்டம் கோணியிருக்கிறது என்று பொருள். ஓட்டு வரிசை மேலே போகப் போக விளிம்பை விட்டு விலகும்.

ஒவ்வொரு ரீப்பரையும் அதற்குக் கீழே இருப்பதிலிருந்து அளந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் 3 மில்லிமீட்டர் பிசகினால் முகட்டை எட்டும்போது 3 செ.மீ. ஆகிவிடும். கைமர முனையிலிருந்தே நாடாவைப் பிடித்து 33, 64.8, 96.6 என்று 351 வரை முதல் கைமரத்திலும் கடைசிக் கைமரத்திலும் குறித்து, நடுவே நூல் அடித்துக்கொள்ளுங்கள். ஓடு போட்டு முடிந்ததும் நண்பகலில் வீட்டுக்குள் நின்று மேலே பாருங்கள். ஒரே வரிசை நெடுக ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே ரீப்பர் இடைவெளி கூடியிருக்கிறது. அங்கங்கே தனித்தனியாகத் தெரிந்தால் அந்த ஓடுகள் கோணலானவை, மாற்றிவிடலாம்.

இடித்த வீட்டுப் பழைய ஓடுகளை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பின்புறத்தில் பதிந்திருக்கும் ஆலைப் பெயரைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரு சரிவு முழுவதும் ஒரே பெயர் கொண்ட ஓடாக இருக்கட்டும்; ஒவ்வொரு பெயருக்கும் தனியாகப் பதினொன்றைப் பரப்பி அளங்கள். ஓடு கைக்கு வந்து, அந்த அளவு எழுதப்பட்ட தாள் ஆசாரியின் கையில் சேரும் வரை ஒரு கைமரத்தையும் அறுக்க விடாதீர்கள்.