ஓடின அளவுதான் மெஷின் ஓடுச்சு, பில் மட்டும் ஏன் ஏறுச்சு?

"போன மாசம் ஓடின அளவுதாங்க இந்த மாசமும் மெஷின் ஓடுச்சு. யூனிட்டும் கிட்டத்தட்ட அதே நாலாயிரம்தான். ஆனா பில் ஆறாயிரத்துக்கு மேல கூடியிருக்குதுங்க. மீட்டர்ல ஏதோ கோளாறுங்களா?"

கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அவர் யூனிட்டை மட்டும் பார்த்திருக்கிறார். பட்டறையின் மின்கட்டணத்தில் யூனிட்டை மட்டும் பார்த்தால் தெரியாத இரண்டு வரிகள் உண்டு. ஒன்று நிலைக் கட்டணம். மற்றொன்று பவர் ஃபேக்டர் குறைந்தால் விதிக்கப்படும் கூடுதல் கட்டணம். இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தால் பில் ஏறியதற்கான காரணமும் தெரியும், குறைக்கும் வழியும் தெரியும்.

அவருடைய பில்லையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க யூனிட்டுக்கு 8 ரூபாய், நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 80 ரூபாய் என்று வைத்திருக்கிறோம. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் கணக்குக்கு உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின் நுகர்வுக் கட்டணம்: 4,000 யூனிட் × 8 = ரூ.32,000
நிலைக் கட்டணம்: 45 கிலோவாட் × 80 = ரூ.3,600
பவர் ஃபேக்டர் கூடுதல் கட்டணம்: ரூ.6,240
மொத்தம், வரி நீங்கலாக: ரூ.41,840

பூட்டி வைத்தாலும் வரும் கட்டணம்

முதலில் அந்த 3,600 ரூபாய். இணைப்பு வாங்கும்போது "எனக்கு இத்தனை கிலோவாட் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதுதான் ஒப்பந்த மின்பளு. அந்த அளவு மின்சாரத்தை நீங்கள் எப்போது கேட்டாலும் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் தயாராக இருக்க வேண்டும். அதற்கான கட்டணம் என்பதால், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் பட்டறையைப் பூட்டினாலும் இது குறையாது.

நம் பட்டறைக்காரர் பல வருடங்களுக்கு முன் 45 கிலோவாட்டுக்கு இணைப்பு வாங்கினார். பிறகு பெரிய பிளேனிங் மெஷினையும் இன்னும் இரண்டு மெஷின்களையும் விற்றுவிட்டார். மெஷின் போய்விட்டது, காகிதத்தில் 45 அப்படியே இருக்கிறது. உண்மையில் அவருக்கு எவ்வளவு தேவை என்பதையும் மீட்டரே பதிவு செய்கிறது. மீட்டரின் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தால் MD என்று ஓர் எண் வரும். அந்த மாதத்தில் அவர் ஒரே சமயத்தில் எடுத்த அதிகபட்ச மின்பளு அது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில நொடிகள் எகிறுவது இதில் அப்படியே ஏறாது; ஒரு குறிப்பிட்ட கால அளவின் சராசரியே பதிவாகும்.

கடந்த 12 மாதங்களில் அவருடைய MD 27 கிலோவாட்டைத் தாண்டவில்லை. ஆர்டர் கூடும் மாதத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு 32 கிலோவாட் வைத்துக்கொண்டால் நிலைக் கட்டணம் 2,560 ரூபாயாகும். மாதம் 1,040 ரூபாய் மிச்சம். மின்பளுவைக் குறைக்கும் விண்ணப்பத்தை www.tnpdcl.org இணையதளம் வழியாகக் கொடுக்கலாம்.

ஆனால் 27 என்று பார்த்துவிட்டு 27-க்கே விண்ணப்பிக்கக் கூடாது. ஒப்பந்த அளவைத் தாண்டினால் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. பிறகு மறுபடி மின்பளுவைக் கூட்ட வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பித்துப் பணமும் கட்ட வேண்டும். அடுத்த வருடம் புது மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் அவசரப்படாமல் இருப்பதே நல்லது.

6,240 ரூபாய் எப்படி வந்தது?

இந்த மாதம் திடீரென்று வந்த வரி இதுதான். பவர் ஃபேக்டர் என்றால் என்ன என்பதைத் தேர் வடம் பிடிப்பதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வடத்தைத் தேர் போகும் திசையில் நேராக இழுத்தால் இழுக்கும் பலம் முழுவதும் தேரை நகர்த்தும். பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தால் கை வலிப்பது அதேதான், தேர் நகர்வதோ குறைவு. மோட்டாருக்கு வரும் மின்சாரமும் அப்படித்தான். அதில் ஒரு பகுதி வேலை செய்கிறது. இன்னொரு பகுதி மோட்டாருக்குள் காந்தப் புலத்தை உண்டாக்க வந்து வந்து திரும்பிப் போகிறது. வேலை செய்யும் பகுதியை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது பவர் ஃபேக்டர்.

யூனிட் என்பது வேலை செய்த பகுதியை மட்டுமே எண்ணுகிறது. ஆனால் கம்பி தாங்க வேண்டியது மொத்தத்தையும். சராசரியாக 20 கிலோவாட் ஓடும் நம் பட்டறையில் பவர் ஃபேக்டர் 0.95 என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 29 ஆம்பியர் போகும். 0.72 ஆகிவிட்டால் அதே வேலைக்குச் சுமார் 39 ஆம்பியர் போகும். இதனால் கம்பியில் வெப்பமாக வீணாவது 1.7 மடங்குக்கு மேல் கூடுகிறது. கூடுதல் கட்டணம் வைப்பதன் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் 18.6 கிலோவாட், அதாவது 25 எச்பி, அல்லது அதற்கு மேல் மின்பளு உள்ள தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகள் மாதச் சராசரி பவர் ஃபேக்டரை 0.85-க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். 0.85-லிருந்து 0.75 வரை குறைந்தால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின் நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் கூடும். 0.75-க்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் ஒன்றரை சதவீதம், அதையும் 0.85-லிருந்தே எண்ணுவார்கள்.

நம் பட்டறையில் 0.72. அதாவது 0.85-லிருந்து 13 புள்ளி குறைவு. 13 × 1.5 = 19.5 சதவீதம். 32,000 ரூபாயில் அது 6,240 ரூபாய். 0.76 ஆக இருந்திருந்தால் 9 புள்ளிக்கு 9 சதவீதம், அதாவது 2,880 ரூபாயோடு போயிருக்கும். 0.75 என்ற கோட்டுக்குக் கீழே இறங்கினால் கட்டணம் எப்படித் தாவுகிறது என்று பாருங்கள்.

குறைந்தது ஏன்?

முந்தைய மாதம் வரை அவருக்கு 0.88 இருந்தது. மெயின் போர்டில் 5 கேவிஏஆர் அளவில் மூன்று கெபாசிட்டர்கள் இருந்தன. மோட்டாருக்கு வேண்டிய காந்த மின்சாரத்தை லைனிலிருந்து இழுக்காமல் பக்கத்திலிருந்தே கொடுப்பது கெபாசிட்டரின் வேலை. மூன்றில் இரண்டு செத்துவிட்டன. செத்த கெபாசிட்டர் சத்தம் போடாது, மெஷினும் வழக்கம்போல ஓடும். பில் வந்தால்தான் தெரியும்.

எலக்ட்ரீஷியன் வந்தால் கிளாம்ப் மீட்டரை வைத்து ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். 440 வோல்ட் அளவுள்ள நல்ல 5 கேவிஏஆர் கெபாசிட்டர் நம் லைனில் ஒவ்வொரு ஃபேஸிலும் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். 2, 3 ஆம்பியர்தான் என்றாலோ, ஒரு ஃபேஸில் மட்டும் குறைவு என்றாலோ அதை மாற்ற வேண்டியதுதான். டப்பா உப்பியிருப்பது, ஃபியூஸ் போயிருப்பது கண்ணாலேயே தெரியும். நீங்களாகக் கை வைக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

செத்த இரண்டையும் மாற்றினால் பழைய 0.88 திரும்பிவிடும், கூடுதல் கட்டணமும் நின்றுவிடும். ஆனால் அடுத்து ஒன்று செத்தால் மறுபடி 0.85-க்குக் கீழேதான் போகும். அதனால் இன்னொரு 5 கேவிஏஆரும் சேர்த்து 0.95 அளவில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அதற்காகக் கண்டபடி சேர்க்கவும் கூடாது. மோட்டார் நின்ற பிறகும் கெபாசிட்டர் லைனிலேயே இருந்தால் வோல்டேஜ் ஏறும். மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்ந்து ஆன் ஆகி ஆஃப் ஆகும்படி இணைக்கலாம்; அல்லது தேவைக்கேற்பத் தானாகவே கூட்டிக் குறைக்கும் பேனல் வைக்கலாம். சிஎன்சி மெஷின், வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் அதிகம் உள்ள இடத்தில் சாதாரண கெபாசிட்டர் சீக்கிரம் போய்விடும். அங்கே ரியாக்டரோடு சேர்ந்த வகை வேண்டும்.

கெபாசிட்டர் போட்டால் நிலைக் கட்டணமும் குறையுமா? தாழ்வழுத்த இணைப்பில் குறையாது, ஏனென்றால் அது கிலோவாட்டில் கணக்கிடப்படுகிறது. உயரழுத்த இணைப்பில் தேவைக் கட்டணம் கேவிஏ அளவில் வருவதால் அங்கே பலன் உண்டு.

பில் வரும் வரை காத்திருக்க வேண்டாம்

கையில் இருக்கும் போனே போதும். கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் மீட்டரில் வரும் kWh, kVAh இரண்டு எண்களையும் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டிலும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து இப்படி வகுங்கள்:

```
PF = kWh / kVAh
```

பத்து நாளில் kWh 1,300-ம் kVAh 1,780-ம் கூடியிருந்தால் 1,300 ÷ 1,780 = 0.73. கெபாசிட்டரை அன்றைக்கே பார்க்கச் சொல்ல வேண்டிய எண் இது. மாதம் முழுவதற்குமான சராசரிதான் கணக்கு என்பதால் பத்தாம் நாள் சரிசெய்தால் மீதி இருபது நாள் அதைத் தூக்கிவிடும். இருபத்தைந்தாம் நாள் சரிசெய்தால் அந்த மாதம் தப்பாது.

நீங்கள் எடுத்த படத்தில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள பவர் ஃபேக்டரும் ஒத்துப்போகவில்லை என்றால், படங்களோடு உங்கள் பிரிவு அலுவலகத்தை அணுகலாம். மின்னகம் சேவை எண் 94987 94987-லும் புகாரைப் பதிவு செய்யலாம்.

நம் பட்டறைக்காரர் இரண்டையும் செய்துவிட்டால், அதே நாலாயிரம் யூனிட்டுக்கு அவருடைய பில் 32,000 + 2,560 = 34,560 ரூபாய். முன்பு வந்ததைவிட 7,280 ரூபாய் குறைவு. மூன்று கெபாசிட்டர் வாங்கிய செலவு போக, மாதாமாதம் படம் எடுக்கும் பழக்கம் ஒன்றுதான் அவர் புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது.