பணம் என்றைக்கு வரும்?

கோவைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர் பொங்கலுக்கு முன்பு தன் போனை நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: “வங்கி விடுமுறையை முன்னிட்டுப் பணப் பட்டுவாடாவில் தாமதம் ஏற்படக்கூடும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

“எத்தனை நாள்னு போடலையே சார். திங்கக்கிழமை பேப்பர் மில்லுக்குக் கொடுத்த செக் பாஸாகணும்” என்றார்.

அந்த அறிவிப்பில் ஒரு தேதிகூட இல்லை. 2026 பொங்கலையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள். மாதத்தின் மூன்றாவது சனி என்பதால் 17 அன்று வங்கி உண்டு என்று சிலர் நினைத்திருப்பார்கள், அன்றும் இல்லை. 18 ஞாயிறு. ஆக, நான்கு நாள்.

இன்னொரு கோளாறு, பழியை வங்கிமேல் போட்டது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் விடுமுறை நாளிலும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகின்றன. வங்கி மூடினால் நிற்பது செக் கிளியரிங்கும் கிளை வேலையும்தான். இந்தக் கம்பெனி பணம் போடுவது நெஃப்டில். பில்லைச் சரிபார்ப்பவரும், வங்கித் தளத்தில் ஒப்புதல் தருபவரும் லீவில் போகிறார்கள், தாமதம் அங்கேதான். சப்ளையருக்கும் இது தெரியும். ஆகவே உண்மையான காரணத்தையே எழுதலாம்.

“ஏற்படக்கூடும்” என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. தொகுப்பு தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறுகிற வங்கி வரவு வைத்தாக வேண்டும். திங்கள் பகல் 3 மணிக்குள் அனுப்பிவிட்டால், மாலை 6 மணி என்று துணிந்து சொல்லலாம்.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

“ஜனவரி 15 அன்று உங்களுக்குச் சேர வேண்டிய பணம் 19 திங்கள் மாலை 6 மணிக்குள் கணக்கில் வரும். பொங்கலுக்காக 15 முதல் 18 வரை எங்கள் கணக்குப் பிரிவு விடுமுறை. ஜனவரி 12 பகல் 12 மணிக்குள் பில் வந்து, சரக்கு வரவும் சரியாக இருந்தால் 14-ஆம் தேதியே அனுப்பிவிடுவோம். 19 மாலைக்குள் வராவிட்டால் பில் எண்ணோடு கணக்குப் பிரிவைக் கூப்பிடுங்கள்.”

பணம் வரும் நாள் முதல் வரியிலேயே இருக்கிறது. காரணம் அதற்குப் பின்னால்.

ஆனால் எல்லாப் பில்லையும் இப்படித் தள்ளிவிட முடியாது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 45-ஆவது நாள் பொங்கலன்று விழுகிற பில்களைத் தனியே பிரித்து 14-க்குள் போட்டுவிடுவதே முறை. அவர்களுக்கு இந்த அறிவிப்பு போகவே கூடாது.

மற்றவர்களுக்கு 5-ஆம் தேதியே போய்ச் சேர வேண்டும். அட்டைப்பெட்டிக்காரருக்கு அது கிடைத்தது 14 சாயங்காலம். பேப்பர் மில்லைக் கூப்பிட்டு, “செக்கை இரண்டு நாள் கழித்துப் போடுங்கள்” என்று கேட்டுப் பார்த்தார். செக் அன்று காலையே வங்கிக்குப் போய்விட்டிருந்தது.