எத்தனை முறை அழைத்தாலும் ஒரே டிக்கெட்

சென்னையிலிருந்து மதுரைக்கு வெள்ளி இரவு ஒரு படுக்கை, 850 ரூபாய். பயணி ஒருவர் ஏஐ உதவியாளரிடம் இதை எழுதிக் கேட்கிறார். விவரங்களைச் சரிபார்த்து ‘உறுதி’ பொத்தானை அழுத்துகிறார். உதவியாளர் நேரடியாகப் பணம் எடுப்பதில்லை. டிக்கெட் நிறுவனத்தின் சர்வரோடு பேசும் ஒரு நிரலை அது அழைக்கும். அதன் பெயர் `book_ticket` என்று வைத்துக்கொள்வோம். நிரல் 30 விநாடி காத்திருக்கிறது, பதில் வரவில்லை. ‘தோல்வி’ என்று உதவியாளருக்குத் தெரிவிக்கிறது. உதவியாளர் மறுபடி அழைக்கிறது, டிக்கெட் வந்துவிடுகிறது. ஆனால் பயணியின் கணக்கில் 1,700 ரூபாய் குறைந்திருக்கிறது.

பதில் வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்து, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அல்லது வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. காத்திருக்கும் நிரலுக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மறுபடி அழைக்கக் கூடாது என்று தடுத்தால், முதல் காரணத்தில் பயணிக்கு டிக்கெட்டே கிடைக்காது. ஆகவே மறு அழைப்பைத் தடுக்காமல், அதனால் கெடுதல் வராதபடி செய்ய வேண்டும்.

அதற்கான வழி, ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் கொடுப்பது. கோரிக்கையோடு அந்த எண்ணும் போகும்:

```
Idempotency-Key: 3f9c2a7e-51d4-4b0e-9a86-c17d20e4b5f3
```

இந்த எண்ணைச் சர்வர் இதுவரை பார்த்ததில்லை என்றால் வேலையைச் செய்து, முடிவை எண்ணோடு சேர்த்து எழுதிவைக்கும். ஏற்கெனவே பார்த்த எண் என்றால், பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்.

எண் எப்போது பிறக்கிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அழைக்கும்போதெல்லாம் `book_ticket` புதிய எண் போட்டால், மறு அழைப்பு புதிய கோரிக்கையாகவே போகும். எண் இருந்தும் பயனில்லை. உதவியாளரையே எண் எழுதச் சொல்வதும் ஆபத்து. இரண்டாம் முறை அது வேறொன்றை எழுதிவிடலாம். விவரங்களிலிருந்து எண்ணைக் கணக்கிடலாமே என்று தோன்றும். முதலில் ‘குமார்’, அடுத்து ‘எஸ். குமார்’ என்று உதவியாளர் பெயரை மாற்றி அனுப்பினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். ஒருவர் அதே பயணத்துக்கு உண்மையிலேயே இரண்டாவது டிக்கெட் கேட்டாலோ, அது பழைய கோரிக்கை என்று ஒதுக்கப்படும். பயணி ‘உறுதி’ பொத்தானை அழுத்தும் கணத்தில் செயலியே எண்ணை உருவாக்கி, அனுப்பும் முன் சேமித்து, அந்தப் பதிவு முடியும்வரை அதையே பயன்படுத்துவதுதான் சரி.

சர்வர் பக்கமும் வரிசை முக்கியம். ‘இந்த எண் இருக்கிறதா’ என்று முதலில் பார்த்து, பிறகு எழுதினால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு அழைப்புகளுக்கும் ‘இல்லை’ என்ற பதிலே கிடைத்து, இரண்டும் பணம் எடுத்துவிடும். ஒரே எண்ணை இருமுறை ஏற்காத தரவுத்தள அட்டவணையில் முதலில் எழுத முயல வேண்டும். எழுத முடிந்த அழைப்பு மட்டும் மேலே செல்லும். மற்றது ‘வேலை நடக்கிறது’ என்ற பதிலோடு திரும்பும்.

பணம் எடுத்த பின், முடிவை எழுதும் முன் சர்வரே விழுந்துவிட்டால்? அதனால்தான் பேமென்ட் கேட்வேக்கும் ஒரு மாறாத எண்ணை அனுப்ப வேண்டும். ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கேட்வே முதல் பதிலைச் சேமித்துவைத்து, அதே எண் மீண்டும் வந்தால் அதையே தருகிறது. எண் ஒன்றாக இருந்து தொகை மாறியிருந்தால் பிழை காட்டுகிறது. 24 மணி நேரம் கடந்த எண்களை அது நீக்கிவிடலாம். பிறகு அதே எண்ணோடு போனால் புதிய கோரிக்கையாகிவிடும். ஆகவே நாள் கடந்த சந்தேகங்களில், பணம் எடுக்கப்பட்டதா என்று கேட்வேயின் பதிவைப் பார்த்த பிறகே மறுபடி முயல வேண்டும்.

வங்கி கார்டை மறுத்துவிட்டால் கதை வேறு. அது தெளிவான பதில். அதே எண்ணோடு கேட்டால் அதே மறுப்புதான் வரும். பயணி வேறு கார்டு கொடுத்து மீண்டும் உறுதி செய்தால், அது புதிய முயற்சி. புதிய எண் வேண்டும். எனவே நேரம் முடிந்துபோன அழைப்புக்கு உதவியாளரிடம் ‘தோல்வி’ என்று சொல்லக் கூடாது. ‘முடிவு தெரியவில்லை, அதே பதிவு எண்ணோடு நிலையைக் கேள்’ என்பதே நிரல் தர வேண்டிய பதில்.

இதைச் சோதிப்பது எளிது. சோதனைச் சூழலில் பணம் எடுத்த மறுகணம் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே பதிவுக்காக ஐந்து முறை அழைத்துப் பாருங்கள். இரண்டு அழைப்புகளை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். திரையில் என்ன தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம். கேட்வேயின் கணக்கில் 850 ரூபாய் ஒரே வரியாக இருக்க வேண்டும். இரண்டு வரி இருந்தால், ‘உறுதி’ பொத்தானுக்கும் கேட்வேக்கும் இடையில் எங்கோ எண் மாறியிருக்கிறது.