பெருங்குடலில் போய் அவிழும் பொட்டலம்

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நோயில் பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும். மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். இதற்கு இன்றும் முதலில் தரப்படும் மருந்து வகை, மூட்டுவாதத்துக்காகப் பிறந்தது. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், ஆஸ்பிரினின் உறவான ஒரு மூலக்கூற்றையும் சல்ஃபா மருந்து ஒன்றையும் பிணைத்து உருவாக்கிய சல்ஃபாசலசின்தான் அது. குடல்நோயாளிகளுக்கும் அது பலன் தருவதை 1942-இல் அவர் எழுதினார்.

பிணைந்த இரண்டில் வேலை செய்வது எது? 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் குழுவினர் இதை எளிமையாகச் சோதித்தார்கள். சில நோயாளிகளுக்கு முழு மருந்தையும், சிலருக்கு ஒரு பாதியை மட்டும், மற்றவர்களுக்கு மறுபாதியை மட்டும் எனிமாவாகக் கொடுத்தார்கள். குணம் தந்தது ஆஸ்பிரினின் உறவு. அதன் பெயர் மெசலமின். தலைவலி, குமட்டல், ஆண்களுக்கு விந்தணுக் குறைவு போன்ற தொல்லைகள் பெரும்பாலும் ரத்தத்தில் கலந்த சல்ஃபா பாதியால் வந்தவை.

அப்படியானால் சல்ஃபாவை விட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். மெசலமினைத் தனியாக விழுங்கினால் சிறுகுடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். புண் இருக்கும் இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. சல்ஃபா அதற்கு வண்டியாக இருந்திருக்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அந்தப் பிணைப்பை அறுத்து மருந்தை அங்கே இறக்கிவிட்டன. இப்போது அந்த வேலையை மேல்பூச்சு செய்கிறது. அமிலத்தன்மை நன்றாகக் குறைந்த கடைசிச் சிறுகுடல் பகுதியில்தான் அது கரையும். அதனால் இந்த மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

புண் மலக்குடலில் மட்டும் இருப்பவர் இரவில் 1 கிராம் மெசலமினை ஆசனவாயில் வைத்துக்கொண்டால் போதும். மாத்திரையைவிட அது நன்றாகவே வேலை செய்யும். கூச்சத்தால் பலர் மறுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். எந்த வடிவமானாலும் சிறுநீரகம் அரிதாகப் பாதிக்கப்படலாம் என்பதால் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவர வேண்டும்.

ஸ்டீராய்டில் வழி வேறு. பிரட்னிசொலோன் உடல் முழுக்கப் பரவும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பியூடசோனைடோ குடற்சுவரில் வேலையை முடித்துவிட்டுக் கல்லீரலுக்குப் போகும்போது சுமார் 90 சதவீதம் அங்கேயே சிதைந்துவிடும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து அந்தச் சிதைவைத் தடுத்தால், பக்கவிளைவுகள் திரும்பிவரும்.

உயிரியல் மருந்துகளில் இன்ஃப்ளிக்ஸிமாப் உடல் முழுவதும் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துகிறது. உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். அதனால் ஊசிக்கு முன்பே அதற்கான சோதனை கட்டாயம். வெடோலிசுமாப்பும் ரத்தத்தில்தான் ஏற்றப்படுகிறது. ஆனால் வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கியை மட்டும் அது மூடுகிறது. அதற்கு விலையும் உண்டு: பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், கூடவே வரும் மூட்டுவலியை அது பெரும்பாலும் தொடாது. ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் ரத்தக்கழிச்சல், காய்ச்சல், படபடப்பு என்று வருபவருக்கு இந்த நிதானம் உதவாது. மருத்துவமனையில் சேர்த்து, உடலெங்கும் பரவும் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றத்தான் வேண்டும்.