ஆட்டத்தை அடக்கும் 50 ஓம்

10 மில்லிஹென்றி காயிலும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒரு மின்துடிப்பு கொடுத்தால், தட்டிவிட்ட ஊஞ்சல்போல் மின்னழுத்தம் நொடிக்குச் சுமார் 1,600 தடவை ஆடும். ஆடாமல், ஆனால் சீக்கிரம் அடங்க, இவற்றோடு பக்க இணைப்பில் எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடலாம்?

R = ½√(L/C)

0.01-ஐ 0.000001-ஆல் வகுத்தால் 10,000. அதன் வர்க்கமூலம் 100. பாதி 50 ஓம்.

தொடர் இணைப்புச் சூத்திரமான 2√(L/C)-ஐப் போட்டு 200 ஓம் வைப்பவர்கள் உண்டு. அப்போது ஆஸிலோஸ்கோப்பில் அலை பலமுறை மேலும் கீழும் போய்வரும். பக்க இணைப்பில் ஓம் குறைந்தால்தான் அடக்கம் கூடும்.

கடையில் 47, 51 ஓம்தான் கிடைக்கும். நான் 47-ஐ எடுப்பேன். அடங்கச் சற்றே தாமதமாகும், ஆனால் ஆடாது.