பெற்றோர் வசம் நிற்கும் கார்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அக்குறணையைக் கடந்தால் வருவது அலவத்துகொட. அங்குள்ள ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். மகன் கட்டாரில் தொழில் புரிகிறான். அவன் பெயரில் பதிவான கார் பெற்றோர் வசம் நிற்கிறது. தந்தை அதனைக் கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்கிறார். கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் அயல்வீட்டு இளைஞர் ஓட்டுகிறார். ஒரு நாள் கார் விபத்துக்குள்ளானால் இழப்பீடு கேட்கும் உரிமை யாருக்கு?

இவ்வினாவுக்கு விடை காண, ஓட்டும் அனுமதியையும் பணம் பெறும் உரிமையையும் வேறுபடுத்திக் காணவேண்டும். முன்னது பலருக்கு இருக்கலாம். பின்னது காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே உரியது.

முதலில் ஓட்டுபவரைப் பார்ப்போம். தனியார் கார்களுக்கான முழுமையான காப்புறுதி, பொதுவாக உரிமையாளரின் அனுமதியுடன் ஓட்டுகின்ற எவருக்கும் பொருந்தும். ஆனால் அவரிடம் அவ்வகை வாகனத்துக்குரிய செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டும். சில பத்திரங்கள் பெயர் குறித்த சாரதிகளுக்கு மட்டுமே இடமளிக்கும். வேறு சில, வயது குறைந்தோர் அல்லது அனுபவம் குறைந்தோர் ஓட்டினால் உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய தொகையை உயர்த்தும். ஆகவே தந்தை ஓட்டுவதில் தடையில்லை என்று ஊகித்துக்கொள்ளாது, பத்திரத்தில் சாரதி பற்றிய பந்தியை வாசித்தல் வேண்டும்.

அயல்வீட்டு இளைஞர் விடயத்தில் சிக்கல் சற்றுக் கூடுதல். மகன் தந்தைக்கு அனுமதி கொடுத்தான். தந்தை இளைஞருக்குக் கொடுத்தார். இது மகனின் அனுமதியா என்ற கேள்வி எழக்கூடும். வெளிநாடு செல்லுமுன், “என் தந்தையும் அவர் தெரிவு செய்யும் அனுமதிப்பத்திரம் உள்ளவரும் ஓட்டலாம்” என்று மகன் ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். காரை அன்றாடம் ஓட்டுபவர் மாறிவிட்டார் என்பதையும் அக்கடிதத்திலேயே அறிவித்தல் நன்று. காப்புறுதி, உண்மையை மறைக்காது கூறுதலின் மேல் நிற்கும் ஒப்பந்தமாகும். காரை வாடகைக்கு விட்டாலோ நிலைமை வேறாகும். சொந்தப் பாவனைக்கெனப் பெற்ற காப்புறுதி அதற்குப் பொருந்தாது.

இனி விபத்து நேர்ந்த நாளுக்கு வருவோம். இளைஞர் ஓட்டுகையில் கார் மதிலில் மோதிவிட்டது. திருத்தச் செலவு 3 இலட்சம் ரூபா. கார் நின்ற இடத்திலிருந்தே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டும். இதனைத் தந்தையோ சாரதியோ செய்யலாம். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை காரை அகற்றாதிருத்தல் நன்று. பிறருக்குக் காயமோ சேதமோ நேர்ந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு பதிவாகவேண்டும். ஓட்டியவர் எவரோ அவர் பெயரே எல்லாப் பத்திரங்களிலும் வரவேண்டும். இளைஞரைக் காப்பாற்றுவதாக எண்ணித் தந்தையே ஓட்டியதாகக் கூறினால், பொலிஸ் பதிவும் கோரிக்கைப் படிவமும் முரண்படும். முறையாகக் கிடைக்கவேண்டிய பணமும் கைநழுவும்.

அறிவிப்பதோடு தந்தையின் அதிகாரம் பொதுவாக முடிகிறது. கோரிக்கையில் ஒப்பமிட்டு, தொகையை ஏற்று, பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியவன் மகன். அவனுக்குப் பதிலாகத் தந்தை இவற்றைச் செய்ய வேண்டுமாயின் அற்றோணித் தத்துவம் தேவைப்படலாம். வெளிநாட்டிலிருப்பவன் அதனை இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். “என் காரியங்கள் யாவும்” என்று பொதுப்பட எழுதுவதிலும், காப்புறுதிக் கோரிக்கை, பணம் பெறல் என்பவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தலே உறுதியானது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரம் அன்றே அற்றுப்போகும்; பின்னர் அது மரணசொத்துக்குரிய விடயமாகிவிடும்.

கார் குத்தகைக் கடனில் இருந்தால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கார் முற்றாக அழிந்துபோனால் இழப்பீடு முதலில் அந்நிறுவனத்துக்கே செல்லும். மிச்சமே மகனுடையது.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி இவையாவற்றிலிருந்தும் வேறானது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. அது காயமுற்ற வழிப்போக்கருக்காக ஏற்பட்டது. சொந்தக் காரின் சேதத்துக்கு அதில் ஒரு சதமும் கிடையாது. அதனை மட்டுமே வைத்துக்கொண்டு, கார் முற்றும் காக்கப்பட்டதென மகன் தூர தேசத்தில் நிம்மதியாக இருப்பதுண்டு.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். அது கையில் இருந்தாலே காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிட வழி தெளிவாகும். மகன் புறப்படுமுன் காரின் சாவியோடு அனுமதிக் கடிதம், காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி, அற்றோணித் தத்துவம், காப்புறுதி முடியும் திகதி ஆகிய நான்கையும் தந்தையின் கையில் கொடுத்துச் செல்வானாயின், இம்முறையீட்டுக்கே பெரும்பாலும் இடமிராது.