காணாமல் போன 7 சதவீதம்

சூடான பால் டம்ளரைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் இறக்கி வைத்து ஆற்றுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பால் ஆறுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, ஒன்றோடொன்று கலப்பதில்லை. டம்ளர் இருந்த இடத்தில் ஒரு குழாய், பாத்திரம் இருந்த இடத்தில் அதைச் சுற்றி இன்னொரு குழாய், இரண்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் என்று மாற்றிவிட்டால் அதுவே வெப்பப் பரிமாற்றி. கெமிக்கல் எஞ்சினியரிங் மாணவர்கள் ஆய்வகத்தில் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம்.

12 மில்லிமீட்டர் செம்புக் குழாய் மூன்று மீட்டர். அதை முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையிலும் டி மூட்டு போட்டு, ஒழுகாமல் அடைக்க வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் வைத்த தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்ப் வெந்நீரைச் செம்புக்குள் தள்ளும். அது திரும்பவும் தொட்டிக்கே வரும். குளிர்ந்த நீர் வெளிக்குழாயில் எதிர்த்திசையில் ஓடும். நுழையும் இடம் இரண்டு, வெளியேறும் இடம் இரண்டு, ஆக நான்கு தெர்மாமீட்டர். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஒரு எச்சரிக்கை: பத்து விநாடி பிடித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். அதில் ஒரு விநாடி பிசகினால் பத்து சதவீதம் போச்சு. இரண்டு நிமிடம் பிடியுங்கள்.

ஒரு சோதனையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெந்நீர் நிமிடத்துக்கு 2 லிட்டர். 60 டிகிரியில் போய் 50 டிகிரியில் வருகிறது. குளிர்நீர் 3 லிட்டர். 30-இல் போய் 36.2-இல் வருகிறது. லிட்டரை டிகிரியால் பெருக்கினால் வெந்நீர் கொடுத்தது 20, குளிர்நீர் வாங்கியது 18.6. நூற்றுக்கு 93 வந்து சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் பலர் இதையே "செயல்திறன் 93 சதவீதம்" என்று எழுதிவிடுவார்கள். இது செயல்திறன் அல்ல, வரவு செலவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கு.

கருவியின் திறமையை அறிய வேறு கேள்வி கேட்க வேண்டும்: அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருக்க முடியும்? எவ்வளவு நீளக் குழாய் போட்டாலும் இந்த வெந்நீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே உச்சம் 2 × 30 = 60. கொடுத்தது 20. திறன் 33 சதவீதம்தான். மூன்று மீட்டர் குழாய்க்கு அது மோசமில்லை.

வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெந்நீரை நிமிடத்துக்கு ஒரு லிட்டராகக் குறைத்தால் 60-இலிருந்து 45 வரை இறங்கலாம். பத்து டிகிரி இறக்கம் பதினைந்தாகிவிட்டது, திறனும் 50 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் கைமாறிய வெப்பம் 1 × 15 = 15 மட்டுமே. முன்பு அது 20. மெதுவாக ஓடும் நீர் குழாய்க்குள் அதிக நேரம் தங்குவதால் நன்றாக ஆறுகிறது. ஆனால் ஓடிய நீரே பாதிதான்.

சரி, அந்த 7 சதவீதம் எங்கே போயிற்று? "காற்றில் போய்விட்டது" என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்சம் யோசித்தால் அது நிற்காது. வெந்நீர் உள்ளே இருக்கிறது; வெளிக்குழாயில் ஓடுவது 30 முதல் 36 டிகிரி நீர். அறையும் கிட்டத்தட்ட 30 டிகிரிதான். காணாமல் போனதோ ஏறக்குறைய 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பின் சூடு. கைக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாத பி.வி.சி. குழாய் அவ்வளவையும் காற்றில் விடுமா?

ஆகவே குற்றவாளியை அளவீட்டில் தேட வேண்டும். முதலில், ஓட்டம் நிலைப்படும் முன்பே எழுதியிருக்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, மூன்று தடவை எண் மாறாமல் வந்த பிறகே குறிக்க வேண்டும். அடுத்து, தெர்மாமீட்டரின் முனை நீரோட்டத்துக்குள் நிற்காமல் டி மூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டும் சரி என்றால், நான்கு தெர்மாமீட்டரையும் கழற்றி ஒரே வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று ஒரே எண்ணைக் காட்ட, குளிர்நீர் வெளியேறும் இடத்தில் இருந்தது மட்டும் 0.4 டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று கொள்வோம். அப்படியானால் உண்மை வெப்பநிலை 36.6, வாங்கியது 3 × 6.6 = 19.8.

இன்னும் 0.2 பாக்கி இருக்கிறது. வாளியில் பிடித்த 50 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர் 988 கிராம்தான் இருக்கும், முழுக் கிலோ இராது. லிட்டருக்குப் பதில் எடை போட்டால் கொடுத்ததும் 19.8 ஆகிவிடுகிறது.